"என் கவனக்குறைவை மன்னித்து": வங்கிக்கு இந்த வரியை எழுதாதீங்க

கணக்குல இருந்து தெரியாம பணம் போயிடுச்சுன்னு வங்கிக்கு எழுதறாங்க இல்லியா, அந்தக் கடிதங்கள்ல ஒரு வரி திரும்பத் திரும்ப வருது.

"என் கவனக்குறைவை மன்னித்து, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பாத்தாலே கோவம் வருது. (எழுதினவங்க மேல இல்ல. பள்ளிக்கூடத்துல விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகின கை அது, தானா பணிஞ்சுடும்.) ஆனா பணம் யார் தலையில விழணும்னு வங்கி முடிவு பண்ற இடத்துல, அந்த ஒரு வரி எழுதினவங்களுக்கு எதிராவே நிக்கும். பணம் திருடு போனவங்களே குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி.

ஒரு உதாரணத்தை வெச்சு இதை முழுசாப் பாத்துடலாம். திருச்சியில ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. (ஆளும் தேதியும் தொகையும் விளக்கத்துக்காக அமைச்சது. விதிகள் நிஜம்.) மே மாசம் சிங்கப்பூர்ல இருக்கற மகளைப் பாக்கப் போனப்போ, டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணினாங்க. திரும்பி வந்து ஆஃப் பண்ணல. 2025 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை ராத்திரி 11.42க்கு ஒரு எஸ்எம்எஸ். ஏதோ ஒரு வெளிநாட்டு இணையக் கடையில 18,460 ரூபாய். 11.44க்கு இன்னொண்ணு, 22,975 ரூபாய். டீச்சர் தூங்கிட்டிருந்தாங்க.

ஓடிபி வரவே இல்ல. இது நிறைய பேருக்குப் புரியாத விஷயம். நம்ம ஊர் தளங்கள்ல கார்டு போட்டா ஓடிபி மாதிரி இன்னொரு சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. வெளிநாட்டுத் தளங்கள் பலதுக்கு அது கிடையாது. கார்டு எண், காலாவதி தேதி, பின்னாடி இருக்கற மூணு இலக்கம் இருந்தா போதும், பணம் போயிடும். இந்த மூணும் என்னிக்கோ ஏதோ ஒரு கடையோட சர்வர்ல இருந்து கசிஞ்சிருக்கலாம். டீச்சருக்கு அது தெரிய வழியே இல்ல.

காலையில 6.10க்கு போனைப் பாத்தாங்க. 6.18க்கு கார்டு பின்னாடி இருந்த எண்ணுக்கு அடிச்சாங்க. 6.25க்குள்ள வங்கியில கார்டை முடக்கி, ஒரு புகார் எண் குடுத்தாங்க. அடுத்து 1930க்கு அடிச்சு சைபர் குற்றப் புகாரும் பதிவு பண்ணியாச்சு. இது வரைக்கும் எல்லாம் பிரமாதம்.

அதுக்கப்புறம் கடிதம் எழுத உக்காந்தாங்க.

ஒண்ணரைப் பக்கம். முப்பது வருஷமா இதே வங்கிதான், பென்ஷன் இங்கதான் வருது, பேரனுக்கு ஃபீஸ் கட்ட வெச்சிருந்த பணம்னு முதல் ரெண்டு பத்தி. மூணாவது பத்தியில, போன மாசம் ஒரு துணிக்கடையில கார்டைக் குடுத்ததும், அங்க யாராவது நம்பரைப் பாத்திருப்பாங்களோங்கற சந்தேகமும். நாலாவதுல "சுமார் 40 ஆயிரம் ரூபாய்". கடைசியில அந்த வரி. புகார் எண் எங்கயுமே இல்ல. மணி இல்ல. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னும் இல்ல.

பக்கத்து வீட்டுல ஒரு ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. படிச்சுப் பாத்துட்டுக் கேட்டார்:

"டீச்சர், இதுல உங்க பக்கம் என்ன கவனக்குறைவு?"

"ஒண்ணும் இல்லியே சார். ஒரு மரியாதைக்கு எழுதினேன்."

"மரியாதைக்கு மேல 'மதிப்பிற்குரிய'ன்னு போட்டிருக்கீங்க இல்ல, அது போதும். இந்த வரியை அடிச்சிடுங்க. துணிக்கடையையும் எடுத்துடுங்க. அங்கதான் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை எழுதவேண்டாம் டீச்சர். நீங்க ஊகமா எழுதறதை, அவங்க உங்க வாக்குமூலமா எடுத்துப்பாங்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு புரியணும்னா, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல வெளியிட்ட சுற்றறிக்கையைத் தெரிஞ்சுக்கணும். அனுமதி இல்லாம நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில வாடிக்கையாளரோட பொறுப்பு எவ்வளவுன்னு வரையறுத்தது அதுதான். அது கேக்கற கேள்வி ரெண்டே ரெண்டு. தப்பு யார் பக்கம்? வாடிக்கையாளர் எப்போ சொன்னார்?

தப்பு வங்கி பக்கம்னா, வாடிக்கையாளருக்கு இழப்பு பூஜ்யம். வங்கியும் இல்ல, வாடிக்கையாளரும் இல்ல, நடுவுல எங்கயோ கசிஞ்சதுன்னா (டீச்சர் கேஸ் இதுதான்) வங்கியோட தகவல் கிடைச்சதுல இருந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா அப்பவும் பூஜ்யம். நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா ஒரு உச்சவரம்பு, சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பரிவர்த்தனை ஒண்ணுக்கு 10,000 ரூபாய் வரை. ஏழு நாளும் தாண்டிட்டா, அந்தந்த வங்கி வாரியம் வெச்சிருக்கற கொள்கைப்படி. ஆனா பின் நம்பர், ஓடிபி மாதிரி ரகசியத்தை வாடிக்கையாளரே யாருக்காவது குடுத்ததால போச்சுன்னா, அது அவரோட கவனக்குறைவு. வங்கிக்குச் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது முழுக்க அவர் தலையில.

இப்போ அந்த மன்னிப்பு வரியைத் திரும்பப் படிங்க. விதி எந்த வார்த்தையை வெச்சு முழு இழப்பையும் வாடிக்கையாளர் மேல போடுதோ, அதே வார்த்தையை டீச்சர் தானா எடுத்துக் குடுக்கறாங்க. அதே சுற்றறிக்கையில இன்னொண்ணும் இருக்கு. தப்பு வாடிக்கையாளர் மேலதான்னு நிரூபிக்க வேண்டியது வங்கியோட வேலை. வங்கி செய்யவேண்டிய அந்த வேலையை நாமளே செஞ்சு குடுக்கலாமா?

அடுத்தது நாள் கணக்கு. தகவல் கிடைச்ச நாள் சேராது. எண்றது வேலை நாள் மட்டும், அதுவும் கணக்கு இருக்கற கிளையோட வேலை நாள். டீச்சருக்குத் தகவல் வந்தது வெள்ளி. மறுநாள் நவம்பர் 8, ரெண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. அடுத்து ஞாயிறு. ஆக திங்கள், செவ்வாய், புதன்தான் அந்த மூணு நாள். நவம்பர் 12 வரைக்கும் அவகாசம் இருந்தது, டீச்சர் சனிக்கிழமை காலையிலயே சொல்லிட்டாங்க. சரி, அவங்க அஞ்சாவது வேலை நாள்ல சொல்லியிருந்தா? ரெண்டு பரிவர்த்தனை, ஒண்ணுக்கு 10,000 வரை, மொத்தம் 20,000 ரூபாய் அவங்க கையை விட்டுப் போக வாய்ப்பு இருந்திருக்கும்.

அதனாலதான் கடிதத்துல மணி வேணும். எப்போ பணம் போச்சு, எப்போ தகவல் வந்துச்சு, எப்போ பாத்தாங்க, எப்போ சொன்னாங்க. இந்த நாலு நேரமும் வரிசையா இருந்தா, படிக்கற அதிகாரிக்கு எந்தக் கட்டத்துல போடறதுன்னு யோசிக்கவே வேண்டாம். (எஸ்எம்எஸ் வரவே இல்லைன்னா, "வரவில்லை"ன்னு ஒரு வரி கண்டிப்பா எழுதணும். நாள் ஓட ஆரம்பிக்கறதே வங்கியோட தகவல் கிடைச்சதுல இருந்துதான்.)

ரெண்டு பேரும் உக்காந்து திருத்தி எழுதின கடிதம் இது:

---

08.11.2025, திருச்சி

பெறுநர்: கிளை மேலாளர் (நகல்: வங்கியின் குறைதீர் அதிகாரி)

பொருள்: அனுமதியற்ற டெபிட் கார்டு பரிவர்த்தனைகள் இரண்டு, மொத்தம் ரூ. 41,435. புகார் எண் (தொலைபேசியில் தந்த எண்). தொகையை மீண்டும் வரவு வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

என் சேமிப்புக் கணக்கின் (கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும்) டெபிட் கார்டில், நான் செய்யாத, நான் அனுமதிக்காத இரண்டு பரிவர்த்தனைகள் நடந்துள்ளன.

1. 07.11.2025, இரவு 11.42, ரூ. 18,460, எஸ்எம்எஸ்ஸில் உள்ள கடைப் பெயர், குறிப்பு எண்.
2. 07.11.2025, இரவு 11.44, ரூ. 22,975, அதே கடைப் பெயர், குறிப்பு எண்.

நடந்தவை வரிசையாக:

07.11.2025 இரவு 11.42, 11.44: வங்கியின் எஸ்எம்எஸ்கள் வந்தன.
08.11.2025 காலை 6.10: அவற்றைப் பார்த்தேன்.
காலை 6.18: வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துத் தெரிவித்தேன்.
காலை 6.25: கார்டு முடக்கப்பட்டது. புகார் எண் தரப்பட்டது.
காலை 6.40: 1930இல் புகார் பதிவு செய்தேன். அதன் ஒப்புகை எண்: (எண்).

கார்டு என்னிடமே உள்ளது. இப்பரிவர்த்தனைகளுக்கு எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. கார்டு விவரங்களையோ பின் எண்ணையோ நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்காகக் கடந்த மே மாதம் சர்வதேசப் பயன்பாட்டைச் செயல்படுத்தியிருந்தேன்.

என் கோரிக்கைகள்:

1. ரிசர்வ் வங்கியின் 06.07.2017 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, ரூ. 41,435ஐ நான் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாள்களுக்குள், 07.11.2025 தேதியிட்ட மதிப்புடன் வரவு வைக்க வேண்டுகிறேன்.
2. மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்திருப்பதால், எனக்குப் பொறுப்பு ஏதும் இல்லை என எழுத்துமூலம் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.
3. கோரிக்கையை ஏற்க இயலாது எனில், காரணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: எஸ்எம்எஸ் படங்கள், அழைப்புப் பதிவின் படம், கணக்கு அறிக்கைப் பக்கம், 1930 ஒப்புகை.

இப்படிக்கு, (பெயர், பதிவுசெய்த கைபேசி எண், கையொப்பம்)

---

ஒரு பக்கம்தான். பேரன் ஃபீஸும் முப்பது வருஷமும் இல்ல. (அந்தக் கஷ்டம் உண்மைதான். ஆனா அதை வெச்சு முடிவு பண்ற அதிகாரம் படிக்கறவருக்கு இல்ல, நேரத்தையும் ஆதாரத்தையும் வெச்சு முடிவு பண்ற அதிகாரம்தான் இருக்கு.)

அந்த மே மாசத்து வரியை எடுத்துடலாமான்னு டீச்சர் கேட்டாங்க. வேண்டாம்னார் சார். வங்கியோட கம்ப்யூட்டர்ல அது எப்படியும் இருக்கு. நாம மறைச்சு அவங்க கண்டுபிடிச்சா, மத்த வரிகளையும் நம்ப மாட்டாங்க. நாமளே நடந்தபடி சொல்லிட்டா அது வெறும் தகவல். "ஆஃப் பண்ண மறந்தது என் தப்புதான்"னு மட்டும் கூடச் சேக்கக் கூடாது.

முதல் கோரிக்கையில தேதி மதிப்புன்னு வர்றது எதுக்கு? பணம் திரும்ப வர்றப்போ, போன தேதியிலயே வந்த மாதிரி கணக்கு வெக்கணும்னு விதி. அப்பதான் நடுவுல வட்டி போகாது. அந்தப் பத்து வேலை நாளும் விசாரணை முடியறதுக்கு இல்ல, தற்காலிகமா வரவு வெக்கறதுக்கு. விசாரணைக்கு உச்சவரம்பு 90 நாள். அதனால பணம் வந்துடுச்சுன்னு செலவு பண்ணிட்டு உக்காந்துடக் கூடாது. விசாரணையில தப்பு வாடிக்கையாளர் மேலன்னு வங்கி காட்டிட்டா, அந்த வரவைத் திரும்ப எடுத்துடும். முடிவு எழுத்துல வர்ற வரைக்கும் அந்தத் தொகை கணக்குல இருக்கணும்.

மூணாவது கோரிக்கை நிறைய பேர் எழுதாம விடறது. "உங்க புகார் ஏற்கப்படவில்லை"ன்னு ஒத்தை வரியில பதில் வந்தா, அதை வெச்சு மேல எங்க போய் என்ன வாதாடறது? காரணமும் ஆதாரமும் கேட்டுட்டா, நிரூபிக்கற பொறுப்பு வங்கிக்குன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குங்கறது படிக்கறவருக்கும் புரிஞ்சிடும்.

சரி, ஓடிபியைச் சொல்லிட்டவங்க என்ன பண்றது?

நடந்ததை நடந்தபடி எழுதணும். வேற வழி இல்ல. அழைப்புப் பதிவு, எஸ்எம்எஸ் பதிவு எல்லாம் எங்கயோ இருக்கு. பொய் ஒண்ணு மாட்டினா மொத்தக் கடிதமும் போச்சு. "காலை 10.05க்கு வங்கி ஊழியர் என்று சொல்லி ஒருவர் அழைத்தார். 10.11க்கு ஓடிபியைத் தெரிவித்தேன். 10.12க்கு முதல் தொகை போனது. 10.20க்கு வங்கிக்குத் தெரிவித்தேன். 10.31க்கு இரண்டாவது தொகை போனது." இதுல கடைசி ரெண்டு வரியைப் பாருங்க. வங்கிக்குச் சொன்னதுக்கு அப்புறம் போனது எதுவா இருந்தாலும் அது வங்கியோட இழப்பு. முதல் தொகையைக் கேக்கறது கஷ்டம். ரெண்டாவதை உரிமையோட கேக்கலாம். மணி போடாம எழுதினா இந்த ரெண்டும் ஒண்ணாக் கலந்து, ரெண்டும் போயிடும். முதல் தொகைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. அது போய்ச் சேந்த கணக்குல நிறுத்தி வெக்க உடனே நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கேக்கணும். 1930க்கு உடனே அடிக்கச் சொல்றதும் இதுக்காகத்தான். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிட்டா பிடிக்கறது கஷ்டம்.

ஏமாத்துக்காரன் பேச்சை நம்பி ஒரு செயலியை இறக்கினாலே எல்லாம் போச்சுன்னும் நினைக்கவேண்டாம். கௌஹாத்தியில ஒரு வாடிக்கையாளர் இணையத்துல வாங்கின பொருளைத் திருப்பிக் குடுக்கப் பாத்தார். கடையோட சேவை மையம்னு சொல்லி ஒருத்தன் பேசினான், ஒரு செயலியை இறக்கச் சொன்னான், கணக்குல இருந்து 94 ஆயிரம் ரூபாய்க்கு மேல போச்சு. வங்கி, பாரத ஸ்டேட் வங்கி, பொறுப்பு அவருதுன்னு சொல்லுச்சு. ஓடிபி எதையும் யாருக்கும் சொல்லலைன்னார் அவர். கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதுல தலையிட மறுத்துடுச்சு. அங்கயும் எடுபட்ட விஷயம், அவர் 24 மணி நேரத்துக்குள்ள வங்கிக்குச் சொல்லிட்டார்ங்கறது. (ஓடிபி விஷயத்துல வாடிக்கையாளரும் விழிப்பா இருக்கணும்னு அதே உத்தரவுல சொல்லியிருக்கு.)

டீச்சர் கதைக்குத் திரும்புவோம். கடிதம் சனிக்கிழமையே மின்னஞ்சல்ல போச்சு, வங்கியில பதிவுசெஞ்ச முகவரியில இருந்து, குறைதீர் அதிகாரிக்கும் நகலோட. திங்கக்கிழமை கிளைக்கு ரெண்டு அச்சுப் பிரதியோட போனாங்க.

கவுன்ட்டர்ல இருந்தவங்க ஒரு தகராறுப் படிவத்தை நீட்டினாங்க. "இதை ஃபில்லப் பண்ணிக் குடுங்கம்மா, லெட்டர் எல்லாம் வேண்டாம்."

டீச்சர் படிவத்தையும் நிரப்பினாங்க. கடிதத்தைப் பின்னாடி சேத்துக் குத்தினாங்க. படிவத்துல தொகையும் தேதியும் எழுதக் கட்டம் இருந்தது, எப்போ சொன்னோம்னு எழுத இடமே இல்ல. அதுக்குத்தான் கடிதம். ரெண்டாவது பிரதியில முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க. (முத்திரை போட மாட்டேன்னு சொன்னா சண்டை வேண்டாம். விரைவுத் தபால்ல பதிவு பண்ணி, சேந்ததுக்கான சான்றோட அனுப்பிடலாம், மின்னஞ்சல் நேரம் ஏற்கனவே பதிவா இருக்கு.)

கடிதத்துலயோ படிவத்துலயோ முழுக் கார்டு எண்ணும், பின்னாடி இருக்கற மூணு இலக்கமும், பின் எண்ணும் எழுதக் கூடாது. வங்கிக்கு அது தேவையும் இல்ல.

விதியைப் பத்தி ஒரு எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி இதையெல்லாம் அவ்வப்போது திருத்தும், தொகுத்து வேற பேர்ல வெளியிடும். எழுதற அன்னிக்கு வங்கியோட இணையதளத்துல வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கைன்னு ஒரு ஆவணம் இருக்கும், அதைத் திறந்து நாள் கணக்கையும் தொகையையும் சரிபாத்துட்டு, அதோட பேரைக் கடிதத்துல போட்டா நல்லது.

டீச்சர் காலண்டர்ல மூணு தேதியை வட்டம் போட்டாங்க. நவம்பர் 20, பத்தாவது வேலை நாள் (மூணாம் சனிக்கிழமை வங்கி உண்டு, அதையும் எண்ணணும்). டிசம்பர் 8, புகார் குடுத்து 30 நாள். பிப்ரவரி 6, 90 நாள்.

நவம்பர் 20 தாண்டியும் வரவு வரலைன்னா அனுப்பறதுக்கு ரெண்டாவது கடிதமும் அப்பவே எழுதி வெச்சாச்சு. நாலே வரி. "புகார் எண் இது. 08.11.2025 அன்று காலை 6.18க்குத் தெரிவித்தேன். பத்து வேலை நாள்கள் 20.11.2025 அன்று முடிந்தன, ரூ. 41,435 இன்னும் வரவாகவில்லை. வரவு வைக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்." புதுசா எதையும் சேக்கக் கூடாது, முதல் கடிதத்துல இருந்த நேரமும் தொகையும் ஒரு காசு மாறாம வரணும். ரெண்டு கடிதத்துக்கும் நடுவுல ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும், விசாரணையில அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

வங்கி மறுத்துட்டாலோ, 30 நாள்ல பதிலே இல்லைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். cms.rbi.org.in தளத்துல கட்டணம் இல்லாம பதிவு பண்ணலாம், வக்கீல் வேண்டாம். வங்கிக்கு முதல்ல எழுத்துல புகார் குடுத்ததுக்கான நகலை அங்க கேக்கறாங்க, போன்ல பேசினது மட்டும் போதாது. டீச்சர்கிட்ட முத்திரை போட்ட பிரதி, மின்னஞ்சல், நேர வரிசை எல்லாம் தயாரா இருக்கு. அந்தப் படிவத்துல நடந்ததை விவரிக்கச் சொல்ற கட்டத்துல, 07.11.2025 இரவு 11.42ல ஆரம்பிக்கற அதே வரிகளை அப்படியே ஒட்டிட்டு, கீழ வங்கியோட பதிலையும் அது வந்த தேதியையும் சேத்தா போதும்.